ஐஸ்கட்டி உருகினாலும் டம்ளரில் தண்ணீர் ஏறாது: வீட்டிலேயே அளந்து பார்க்கும் முறை

டம்ளரில் தண்ணீர் இருக்கிறது, அதில் ஒரு ஐஸ்கட்டி மிதக்கிறது. கட்டியின் தலை கொஞ்சம் தண்ணீருக்கு மேலே நீட்டிக்கொண்டிருக்கிறது. கட்டி முழுக்க உருகிய பிறகு தண்ணீர் மட்டம் ஏறுமா, இறங்குமா, அப்படியே இருக்குமா? முதல் முறை கேட்பவர்களில் பலர் ஏறும் என்பார்கள். அவர்கள் சொல்லும் காரணமும் நியாயமாகவே படும்: மேலே நீட்டிக்கொண்டிருக்கும் பகுதி இப்போது தண்ணீருக்குள் இல்லை, உருகினால் அதுவும் உள்ளே வந்து சேருமே?

ஏறாது. இறங்கவும் செய்யாது. பாடப்புத்தகம் இதை ஆர்க்கிமிடீஸ் தத்துவம் என்று ஒரு வரியில் முடித்துவிடும். அந்த வரியை மனப்பாடம் செய்தவர்கள்கூட, கட்டிக்குள் ஒரு இரும்பு நட்டை வைத்து உறைய வைத்தால் என்ன ஆகும் என்று கேட்டால் தயங்குவார்கள். அதனால் இங்கே நாம் ஒரு டிஜிட்டல் தராசை வைத்துக்கொண்டு அளந்து பார்ப்போம். எங்கே இந்த விதி பலிக்கும், எங்கே பலிக்காது என்பது அதிலேயே தெரிந்துவிடும்.

கோடு போட்டுப் பார்ப்பது ஏன் போதாது

இணையத்தில் காணும் செய்முறைகளில் பெரும்பாலானவை இப்படித்தான் இருக்கும்: டம்ளரில் தண்ணீர் ஊற்றி, இரண்டு ஐஸ்கட்டி போட்டு, மார்க்கரால் கோடு கிழித்து, உருகிய பிறகு பார்த்தால் மட்டம் அதே கோட்டில் நிற்கிறது, எனவே நிரூபணம். இதில் ஒரு ஓட்டை இருக்கிறது. சாதாரண ஃப்ரீசர் தட்டில் வரும் இரண்டு கட்டிகள் சேர்ந்து 35 கிராம் இருக்கும் என்று வைத்துக்கொள்வோம். தண்ணீருக்கு மேலே நிற்கும் பகுதி வெறும் 3 மி.லி. அந்த 3 மி.லி. முழுக்கத் தண்ணீரில் சேர்ந்துவிடும் என்ற தவறான ஊகம் உண்மையாகவே இருந்தாலும், 7 செ.மீ. அகலமுள்ள டம்ளரில் மட்டம் ஒரு மில்லிமீட்டர்கூட ஏறாது. மார்க்கர் கோட்டின் தடிமனே அதைவிட அதிகம். ஆக, சரியான விடை, தவறான விடை இரண்டுக்கும் இந்தச் சோதனை ஒரே முடிவைத்தான் காட்டும்.

விளிம்பு வரை நிரப்பி வழிகிறதா என்று பார்ப்பதும் இதே கதைதான். தண்ணீரின் பரப்பு இழுவிசையால், விளிம்புக்கு மேலே ஓரிரு மில்லிமீட்டர் உயரத்துக்குத் தண்ணீர் புடைத்துக்கொண்டு வழியாமல் நிற்கும். நாம் தேடும் வித்தியாசமும் அதே அளவுதான். வழியவில்லை என்பதை வைத்து எதையும் முடிவு செய்ய முடியாது.

இதற்குத் தீர்வு, கட்டியைப் பெரிதாக்குவதும் டம்ளரைக் குறுகலாக வைத்துக்கொள்வதும்தான்.

என்னென்ன வேண்டும்

உயரமான, சுவர் நேராக உள்ள கண்ணாடி டம்ளர் இரண்டு. இரண்டும் ஒரே அச்சாக இருக்க வேண்டும். உள் அகலம் 7 செ.மீ., உயரம் 12 செ.மீ. போல இருந்தால் வசதி. மேலே விரிந்தும் கீழே குறுகியும் இருக்கும் டம்ளரிலும் முடிவு மாறாது, ஆனால் கணக்குப் போடுவது சிரமம். ஒரு கிராம் வரை காட்டும் சமையலறைத் தராசு, மி.மீ. போட்ட பிளாஸ்டிக் ஸ்கேல் ஒன்று, அதை டம்ளரோடு சேர்த்துக் கட்ட இரண்டு ரப்பர் பேண்ட், மூடி வைக்க ஒரு சிறு தட்டு. அவ்வளவுதான்.

கட்டியை ஃப்ரீசர் தட்டில் செய்யாதீர்கள். டீக்கடையில் கொடுக்கும் சின்னப் பேப்பர் கப் ஒன்றை எடுத்து, 77 கிராம் தண்ணீரை எடை போட்டு ஊற்றி, ஓர் இரவு உறைய விடுங்கள். ஏன் 77 என்றால், 7 செ.மீ. அகல டம்ளரின் உள்பரப்பு சுமார் 38.5 சதுர செ.மீ.; அதில் 77 மி.லி. தண்ணீர் சரியாக 2 செ.மீ. உயரம் நிற்கும். எண்கள் கச்சிதமாக வருவதைத் தவிர வேறு விசேஷம் எதுவும் இல்லை. உங்கள் டம்ளர் வேறு அளவாக இருந்தால் உங்கள் எண்களைப் போட்டுக்கொள்ளுங்கள்.

உறைந்த கட்டியை எடுக்கும்போது கப்பின் வெளிப்புறத்தைச் சில விநாடி கையால் பிடித்திருந்தால் போதும், கட்டி நழுவி வந்துவிடும். வராவிட்டால் பேப்பரைக் கிழித்துவிடுங்கள். கட்டியின் மேல்பக்கம் நடுவில் கும்மாச்சியாக எழும்பியிருப்பதைக் கவனியுங்கள். உறையும்போது தண்ணீர் வீங்கிய அடையாளம் அது. 77 மி.லி.யாக உள்ளே போன தண்ணீர் இப்போது சுமார் 84 மி.லி. இடத்தை அடைத்துக்கொண்டிருக்கிறது. எடை மட்டும் அதே 77 கிராம். இந்த 7 மி.லி. வீக்கத்தைத்தான் கடைசி வரை நாம் துரத்தப்போகிறோம்.

அளக்கும் முறை

முதல் டம்ளரைத் தராசில் வைத்து, எடையைப் பூஜ்யமாக்கும் பட்டனை அழுத்திவிட்டு, ஃப்ரிட்ஜில் குளிர்ந்த தண்ணீரை 300 கிராம் வரும்வரை ஊற்றுங்கள். குளிர்ந்த தண்ணீர் என்பது முக்கியம், காரணத்தைப் பிறகு சொல்கிறேன். ஸ்கேலை வெளிப்பக்கம் நிறுத்தி ரப்பர் பேண்ட் போட்டு, இப்போது தண்ணீர் எந்த மி.மீ.யில் நிற்கிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். கண் தண்ணீர் மட்டத்துக்கு நேராக இருக்க வேண்டும். குனியாமல் மேலிருந்து பார்த்தால் இரண்டு மி.மீ. தப்பாகவே வரும். கண்ணாடியை ஒட்டித் தண்ணீர் கொஞ்சம் மேலே ஏறி நிற்கும், அதை விட்டுவிட்டுச் சமமாக இருக்கும் பகுதியைப் பாருங்கள்.

அப்புறம் கட்டியை மெதுவாக உள்ளே விடுங்கள். தராசு 377 காட்டும். ஸ்கேலில் மட்டம் 2 செ.மீ. ஏறியிருக்கும். கட்டி சுற்றிலும் எங்கும் இடிக்காமல், விரலால் தட்டினால் ஆடும்படி மிதக்க வேண்டும். ஆடவில்லை என்றால் எங்கோ சுவரில் மாட்டிக்கொண்டிருக்கிறது என்று அர்த்தம், அந்த அளவு செல்லாது.

இப்போது இரண்டாவது டம்ளர். அதையும் தராசில் வைத்து, கட்டி எதுவும் போடாமல், அதே குளிர்ந்த தண்ணீரையே 377 கிராம் வரை ஊற்றுங்கள். இரண்டு டம்ளரையும் பக்கத்தில் பக்கத்தில் சமமான மேசையில் வைத்துக் குனிந்து பாருங்கள். இரண்டிலும் மட்டம் ஒன்றாகவே இருக்கும்.

இந்த இடத்தில் கொஞ்சம் நின்று யோசிக்கலாம். முதல் டம்ளரில் கட்டி இன்னும் உருகவே ஆரம்பிக்கவில்லை. ஆனால் உருகி முடிந்ததும் அதில் என்ன இருக்கப்போகிறது? 377 கிராம் தண்ணீர். அதாவது இரண்டாவது டம்ளரில் ஏற்கெனவே இருப்பதேதான். உருகிய பின் வரப்போகும் மட்டத்தை இரண்டாவது டம்ளர் இப்போதே காட்டிவிட்டது. காத்திருந்து பார்ப்பது வெறும் சரிபார்ப்புதான்.

சரிபார்க்க வேண்டும் என்றால் தட்டால் மூடிவிட்டு ஒரு மணி நேரமோ அதற்கு மேலோ விடுங்கள். குளிர்ந்த தண்ணீரில் கட்டி மெதுவாகத்தான் உருகும். நடுவில் கட்டி எந்த அளவுக்குச் சிறுத்திருந்தாலும் மட்டம் அதே இடத்தில் நிற்பதைப் பார்க்கலாம். தலை எல்லாம் உள்ளே வந்துவிடும் என்ற ஊகம் சரியாக இருந்திருந்தால், கிட்டத்தட்ட 2 மி.மீ. ஏறியிருக்க வேண்டும். அந்த அளவு வித்தியாசம் ஸ்கேலில் தெளிவாகவே தெரியும்.

ஏன் அப்படி

கட்டி மிதக்கும் இடத்தில் தண்ணீரில் ஒரு குழி விழுந்திருக்கிறது என்று பாருங்கள். நீர்மட்டத்துக்குக் கீழே கட்டி அடைத்திருக்கும் இடம்தான் அந்தக் குழி. கட்டி வருவதற்கு முன்னால் அந்த இடத்தில் தண்ணீர் இருந்திருந்தால், சுற்றியிருக்கும் தண்ணீர் அதைத் தாங்கிப் பிடித்து, மேலேயும் போகாமல் கீழேயும் போகாமல் அப்படியே நிறுத்தியிருக்கும். இப்போது அதே குழியில் கட்டி உட்கார்ந்திருக்கிறது, அதுவும் மேலே போகவில்லை, கீழே போகவில்லை. சுற்றியிருக்கும் தண்ணீருக்குக் குழிக்குள் இருப்பது பனியா தண்ணீரா என்று தெரியாது. அது கொடுக்கும் தாங்கு விசை குழியின் வடிவத்தையும் ஆழத்தையும் பொறுத்தது மட்டுமே. ஆகவே குழி நிறையத் தண்ணீர் என்ன எடையோ, கட்டி முழுவதும் அதே எடை. கட்டி 77 கிராம் என்றால் குழியும் 77 கிராம் தண்ணீர் கொள்ளும் குழி.

கட்டி உருகினால் கிடைப்பது 77 கிராம் தண்ணீர். அதைக் குழியில் ஊற்றினால் குழி நிறையும். ஒரு சொட்டு மீதி வராது, ஒரு சொட்டு குறையாது.

மேலே நீட்டிக்கொண்டிருந்த தலை எங்கே போனது என்றால், அது ஃப்ரீசரில் வீங்கிய அந்த 7 மி.லி.தான். பனியின் ஒரு கன சென்டிமீட்டர் 0.917 கிராம்தான் இருக்கும். உறையும்போது தண்ணீர் மூலக்கூறுகள் இடைவெளி விட்டு அறுகோண அமைப்பில் கோத்துக்கொள்வதால் இடம் அதிகம் பிடிக்கிறது. உருகும்போது அந்த இடைவெளி சரிந்து, 84 மி.லி. மறுபடி 77 மி.லி. ஆகிவிடுகிறது. தலை அளவு எவ்வளவோ, சுருக்கமும் அவ்வளவே. இரண்டும் தற்செயலாக ஒன்றாக அமைந்தவை அல்ல, ஒரே வீக்கத்தை இரண்டு பக்கம் நின்று பார்ப்பதுதான்.

இந்த விஷயம் ஒரு காலத்தில் பெரிய சண்டையாகவே இருந்தது. 1611-இல் ஃப்ளாரன்ஸ் நகரில் அரிஸ்டாட்டில் வழி வந்த அறிஞர்கள், பனி என்பது தண்ணீர் இறுகிக் கெட்டியானது, அது மிதப்பது தட்டையான வடிவத்தால்தான் என்று வாதிட்டார்கள். கலிலியோ மறுத்தார்: பனி இறுகிய தண்ணீர் அல்ல, தளர்ந்த தண்ணீர், இலேசாக இருப்பதால்தான் மிதக்கிறது, வடிவத்துக்கும் அதற்கும் சம்பந்தமில்லை என்றார். அடுத்த ஆண்டு மிதக்கும் பொருள்களைப் பற்றி ஒரு நூலே வெளியிட்டார். பேப்பர் கப்பில் எழும்பி நிற்கும் கும்மாச்சியைப் பார்த்தால் கலிலியோ பக்கம் சாயாமல் இருக்க முடியாது.

இதையே இன்னொரு விதமாகவும் சொல்லலாம், எனக்கு இதுதான் பிடித்தது. டம்ளரின் அடியைப் பாருங்கள். அதன் மேல் மொத்தம் 377 கிராம் அழுத்திக்கொண்டிருக்கிறது. கட்டி அடியைத் தொடவில்லை, சுவரையும் தொடவில்லை. எனவே அதன் எடையை அடிக்குக் கொண்டு சேர்ப்பது தண்ணீர்தான். தண்ணீரின் அழுத்தம் அதன் ஆழத்தைப் பொறுத்தது. உருகிய பின்னும் எடை அதே 377 கிராம், தாங்குவதும் அதே தண்ணீர். அழுத்தம் மாறவில்லை என்றால் ஆழமும் மாற முடியாது. இந்தக் கோணத்தைக் கையில் வைத்துக்கொண்டால், மற்ற எல்லாப் புதிர்களுக்கும் ஒரே கேள்விதான்: கட்டியின் எடையைத் தாங்குவது தண்ணீரா, வேறு ஏதாவதா?

உங்கள் அளவு ஒத்துவரவில்லை என்றால்

மட்டம் இறங்கிவிட்டது என்றால், முதலில் தண்ணீர் எவ்வளவு சூடாக இருந்தது என்று யோசியுங்கள். குழாய்த் தண்ணீர் 30 டிகிரியில் இருந்தால், 77 கிராம் கட்டி 300 கிராம் தண்ணீரைக் கிட்டத்தட்ட 7 அல்லது 8 டிகிரிக்குக் குளிர்வித்துவிடும். குளிர்ந்த தண்ணீர் சுருங்கும். மொத்தம் ஒன்றரை மி.லி. குறையும், அதாவது மட்டம் அரை மி.மீ.க்குச் சற்றுக் குறைவாக இறங்கும். இது விதி பொய்த்ததல்ல. டம்ளரை மூடி வைத்து, மறுபடி அறை வெப்பத்துக்கு வந்த பிறகு பார்த்தால் மட்டம் பழைய இடத்துக்கே திரும்பியிருக்கும். முதலிலேயே குளிர்ந்த தண்ணீர் எடுத்தால் இந்தத் தொல்லை இல்லை, ஏனென்றால் 0 முதல் 8 டிகிரி வரை தண்ணீரின் கன அளவு ஏறத்தாழ மாறுவதே இல்லை. உருகி முடித்த உடனேயே அளவை எடுத்துவிடுங்கள்.

மூடாமல் இராத்திரி முழுக்க விட்டுவிட்டுக் காலையில் பார்த்து மட்டம் இறங்கிவிட்டது என்று சொல்பவர்களும் உண்டு. அது ஆவியானது.

தராசில் எடை ஏறிக்கொண்டே போகிறது என்றால் பதற வேண்டாம். குளிர்ந்த டம்ளரின் வெளிப்புறத்தில் காற்றிலுள்ள ஈரம் வியர்த்து நிற்கிறது. சென்னை மாதிரிப் புழுக்கமான ஊரில் ஒரு மணி நேரத்தில் டம்ளருக்கு அடியில் குட்டையே கட்டிவிடும். அதைப் பார்த்துவிட்டு டம்ளர் வழிந்துவிட்டது என்று நினைப்பதும் வழக்கம். வெளியே துடைத்துவிட்டு எடை பார்த்தால் 377-க்கு வந்துவிடும்.

கட்டிக்குள் காற்றுக் குமிழ்கள் இருந்தால் என்ன என்று கேட்பார்கள். வீட்டு ஐஸ் நடுவில் வெள்ளையாகத் தெரிவது அந்தக் குமிழ்களால்தான். அவற்றால் எதுவும் மாறாது. காற்றுக்கு எடை இல்லை என்றே வைத்துக்கொள்ளலாம், கட்டி கொஞ்சம் அதிகமாகத் தலை நீட்டும், குழியின் அளவு எடையைப் பொறுத்தது என்பதால் அப்படியே இருக்கும். தெர்மோகோல் துண்டை வைத்து உறைய வைத்தாலும் இதே பதில்தான். உருகிய பின் துண்டு தானாக மிதந்து, தன் எடைக்குரிய குழியைத் தானே பறித்துக்கொள்ளும்.

ஃப்ரீசரிலிருந்து அப்போதுதான் எடுத்த கட்டியை மிகவும் குளிர்ந்த தண்ணீரில் போட்டால் அது முதலில் சற்றுப் பெரிதாவதைக்கூடப் பார்க்கலாம், சுற்றியுள்ள தண்ணீர் அதன்மேல் உறைகிறது. அப்போதும் மட்டம் அசையாது.

தாங்குவது வேறு யாரோ என்றால்

இனி விதியை வேண்டுமென்றே உடைத்துப் பார்ப்போம். 6 கிராம் அளவுள்ள ஒரு இரும்பு நட்டு எடுத்துக்கொள்ளுங்கள். பேப்பர் கப்பில் பாதித் தண்ணீரை முதலில் உறைய வைத்து, அதன் மேல் நட்டை வைத்து, மீதியை ஊற்றி மறுபடி உறைய வையுங்கள். நட்டு கப்பின் அடியில் கிடந்தால் உருக ஆரம்பித்ததுமே கழன்று விழுந்துவிடும், நடுவில் இருப்பதுதான் நல்லது. இதைவிடப் பெரிய நட்டு வேண்டாம். 77 கிராம் பனியால் கூடுதலாகத் தாங்க முடிந்தது சுமார் 7 கிராம் சுமைதான், அதற்கு மேல் போனால் கட்டி மூழ்கிவிடும்.

இந்தக் கட்டி மிதக்கும்போது நட்டின் எடையையும் தண்ணீர்தான் சுமக்கிறது. 6 கிராமுக்கு 6 மி.லி. குழி. பனி சிறுத்துப்போய், நட்டு அடியில் போய் விழுந்ததும் அதைத் தாங்குவது டம்ளரின் அடி. இப்போது நட்டு தன் உடம்பு அளவுக்கு மட்டுமே இடம் பிடிக்கும், இரும்புக்கு அது ஒரு மி.லி.கூட இல்லை. மீதி 5 மி.லி. குழி மூடிக்கொள்ளும். மட்டம் ஒரு மில்லிமீட்டருக்குச் சற்று மேல் இறங்கும். சின்ன அளவுதான் என்றாலும் ஸ்கேலில் பிடிபடும். நட்டு கழன்று விழுந்தால் இறக்கம் சட்டென்று நடக்கும், மிச்சமிருக்கும் பனியோடு சேர்ந்தே மூழ்கினால் மெதுவாக நடக்கும். படகில் இருக்கும் கல்லைக் குளத்தில் தூக்கிப் போட்டால் குளத்தின் மட்டம் என்ன ஆகும் என்ற பழைய புதிரும் இதேதான். கல் படகில் இருந்தவரை தண்ணீர் அதன் எடையைச் சுமந்தது, தரையில் விழுந்ததும் தரை சுமக்கிறது, மட்டம் இறங்கும்.

எதிர்ப்பக்கமாகவும் உடைக்கலாம். கட்டியை டம்ளரின் வாய்க்குள் சுவரில் சிக்கிக்கொள்ளும்படி வைத்து, அடிப்பாகம் மட்டும் தண்ணீரைத் தொடுமாறு விடுங்கள். இப்போது எடையில் பெரும்பகுதியைக் கண்ணாடிச் சுவர் தாங்குகிறது. உருக உருக அந்த எடை தண்ணீருக்கு வந்து சேரும், மட்டம் நன்றாகவே ஏறும். கடையில் ஜூஸ் டம்ளரில் ஐஸை அடைத்துக் கொடுத்தால், கட்டிகள் ஒன்றின்மேல் ஒன்று நின்று அடியிலும் சுவரிலும் முட்டுக்கொடுத்திருக்கும். அங்கே இந்த விதியை நம்பி விளிம்பு வரை ஊற்றினால் மேசை நனையும்.

உப்புத் தண்ணீர்

300 மி.லி. தண்ணீரில் 100 கிராம் தூள் உப்பை நன்றாகக் கரைத்து ஃப்ரிட்ஜில் குளிர வையுங்கள். இந்தக் கரைசல் ஒரு மி.லி.க்கு ஏறத்தாழ 1.19 கிராம் இருக்கும். அதில் அதே 77 கிராம் கட்டியை விட்டால், சுத்தத் தண்ணீரில் நின்றதைவிடக் கண்ணுக்குத் தெரியும்படி உயர்ந்து நிற்கும். காரணம், கனமான கரைசல் 77 கிராமைத் தாங்க 65 மி.லி. குழியே போதும். ஆனால் உருகினால் வருவது நல்ல தண்ணீர், அதற்கு 77 மி.லி. இடம் வேண்டும். குழியில் கொள்ளாத 12 மி.லி. மேலே வரும். மட்டம் 3 மி.மீ. அளவுக்கு ஏறும். இங்கேயும் தாங்குவது முழுக்க முழுக்கத் திரவம்தான், ஆனால் தாங்கும் திரவமும் உருகி வரும் திரவமும் ஒன்றல்ல என்பதுதான் வித்தியாசம்.

நிறம் சேர்த்த தண்ணீரில் கட்டி செய்தால் இன்னொன்றும் தெரியும்: உருகிய நல்ல தண்ணீர் உப்புக் கரைசலில் கலக்காமல் மேலே தனிப் படலமாக நிற்கும். அதனால் கட்டி தன் சொந்தக் குளிர் நீரிலேயே ஊறிக்கொண்டிருக்கும். சாதாரணத் தண்ணீரில் உருகுவதைவிட மெதுவாக உருகும். கலக்கிவிடாமல் பொறுமையாக இருங்கள்.

சர்க்கரை அதிகம் போட்ட சர்பத்திலும் இதே திசையில்தான், ஆனால் ஏற்றம் இந்த உப்புக் கரைசலில் வருவதைவிடக் குறைவாக இருக்கும்.

டம்ளரிலிருந்து கடலுக்கு

பனி உருகினால் கடல் ஏறும் என்கிறார்களே, டம்ளர் சோதனை அதைப் பொய்யாக்குகிறதே என்று சிலர் எழுதுவதைப் பார்க்கலாம். யார் தாங்குகிறார்கள் என்று கேட்டால் குழப்பம் தீர்ந்துவிடும். வட துருவக் கடலில் மிதக்கும் பனியைக் கடல்தான் தாங்குகிறது. அது உருகினால் கடல் மட்டம் ஏறக்குறைய அப்படியே இருக்கும். ஏறக்குறைய என்று சொல்வது உப்பின் காரணமாக. கடல்நீர் நல்ல தண்ணீரைவிட நூற்றுக்கு இரண்டரை பங்கு கனம், எனவே மிதக்கும் நன்னீர்ப் பனிமலை உருகினால், அந்த உருகிய நீரில் இரண்டரை சதவீத அளவு மட்டும் குழியில் கொள்ளாமல் மீதமாகும்.

கிரீன்லாந்தின் பனியைத் தாங்குவது பாறை. டம்ளர் சுவரில் சிக்கிய கட்டியின் நிலைமை அது. அதன் எடை இன்றுவரை கடலின் மேல் இல்லை. உருகி ஓடினால் முழுவதும் புதிதாகக் கடலில் சேரும். அந்தப் பனி மொத்தமும் உருகினால் உலகக் கடல்மட்டம் ஏழு மீட்டருக்கு மேல் உயரும்.

இரண்டுக்கும் நடுவில் ஒன்று இருக்கிறது. அண்டார்டிகாவின் கரையோரத்தில், நிலத்திலிருந்து வழிந்து வரும் பனியாறுகள் கடலுக்குள் நீண்டு மிதக்கும் பனித்தட்டுகளாக நிற்கின்றன. லார்சன் பி என்ற தட்டில் சுமார் 3,250 சதுர கிலோமீட்டர் 2002-இல் சில வாரங்களில் நொறுங்கிப்போனது. மிதந்துகொண்டிருந்த பனி என்பதால் அந்த நொறுங்கலால் நேரடியாகக் கடல் ஏறவில்லை, டம்ளர் கணக்குதான். ஆனால் அந்தத் தட்டு பின்னாலிருந்த பனியாறுகளுக்கு முட்டுக்கட்டையாக நின்றிருந்தது. அது போன பிறகு அந்த ஆறுகள் பல மடங்கு வேகமாகக் கடலை நோக்கி நகரத் தொடங்கின. பாறை தாங்கிக்கொண்டிருந்த எடை அப்போதிருந்து கூடுதலாகக் கடலுக்கு மாறிக்கொண்டிருக்கிறது.